கூட்டுத்தொகை சரி, கணக்கு எண் தவறு

ஐதராபாத், பாலாநகர் தொழிற்பகுதியில் பட்டறை நடத்தும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், மாதந்தோறும் தம் பணியாளர்களின் சம்பளத்தை எக்செல் கோப்பாகத் தயாரித்து இணைய வங்கி வழியே ஒரே தொகுப்பாக அனுப்பி வருகிறார். நெடுநாள் பிழையின்றி நடந்த இவ்வேற்பாடு ஒரு மாதம் தடுமாறியது. ஒருவரின் கணக்கில் மூவரின் சம்பளம் சேர்ந்திருந்தது. சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. கோப்பின் கூட்டுத்தொகையோ பைசா பிசகாமல் இருந்தது.

அவருடன் அமர்ந்து கோப்பைப் பார்த்தோம். ஒரு தாளில் பணியாளர் எண்ணும் சம்பளமும் இருந்தன. மற்றொன்றில் பணியாளர் எண், பெயர், வங்கிக் கணக்கு எண் ஆகியவை. இரண்டையும் இணைத்தது இந்தச் சூத்திரம்:

```
=VLOOKUP(A2,Accounts!$A$2:$C$8,3)
```

இதில் நான்காவதாக ஒரு சொல் இடம்பெற்றிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் எக்செல் அதனை TRUE என்று கொள்கிறது; அதாவது தோராயப் பொருத்தம் போதும் என்று பொருள். தேடும் எண் கிடைக்காதபோது அதற்குக் கீழான எண்களுள் மிகப் பெரியதைத் தரும் முறை இது. பட்டியல் ஏறுவரிசையில் இருந்தால்தான் இது சரியாக இயங்கும். அதுவரை பட்டியல் பணியாளர் எண் வரிசையில் இருந்தது. அம்மாதம் கணக்கர் அதைப் பிரிவு வாரியாக மாற்றி அடுக்கியிருந்தார். சூத்திரத்தை எவரும் தொடவில்லை.

என்ன நேர்ந்தது என்பதை ஏழு வரிகளைக் கொண்டு காண்போம். மாற்றிய பட்டியலில் எண்கள் 101, 112, 104, 109, 115, 103, 118 என்ற வரிசையில் இருப்பதாகக் கொள்வோம். தோராயப் பொருத்தத்தில் எக்செல் வரிவரியாகத் தேடுவதில்லை. அகராதியில் சொல் தேடுவோரைப் போல நடுவில் திறக்கிறது. 115-ஐத் தேடும்போது நடுவிலுள்ள 109 சிறியது என்பதால் கீழ்ப்பாதிக்குச் செல்கிறது. அங்கே நடுவில் 103, அதுவும் சிறியதே. மேலும் கீழே சென்றால் 118, அது பெரியது. எனவே ஒரு வரி பின்வாங்கி, 103-இன் கணக்கு எண்ணைத் தந்துவிடுகிறது. 115 நேர் மேல்வரியிலேயே இருந்தும் அதை எக்செல் பார்க்கவே இல்லை.

இப்படியே 112-இன் சம்பளமும் 103-இன் கணக்குக்குப் போகும். 103, 104 இருவரின் சம்பளமும் 101-இன் கணக்கில் சேரும். 101, 109, 118 ஆகிய மூவருக்கு மட்டுமே சரியாக வரும். முதல் வரியையும் கடைசி வரியையும் சரிபார்த்துவிட்டு நிறைவடைவது நம்மில் பலரின் வழக்கம். இங்கே அவ்விரண்டும் சரியாகவே இருக்கும்! பிழைக் குறியும் எங்கும் தோன்றாது.

பெயர் மாறியிருந்தால் வங்கி தடுத்திருக்காதா என்று வாடிக்கையாளர் கேட்டார். மின்னணுப் பணப் பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரில் வெளியிட்ட அறிவுறுத்தல். எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புபவரின் பொறுப்பு. தவறிச் சென்ற தொகையைத் திரும்பப் பெற, பெற்றவரின் இசைவு வேண்டும். இங்கே பெற்றவர்கள் அதே பட்டறையின் பணியாளர்கள் என்பதால் பேசித் தீர்க்க முடிந்தது. சரக்கு வழங்குவோர் பட்டியலில் இது நிகழ்ந்திருந்தால் அவ்வளவு எளிதாக முடிந்திராது.

திருத்தம் ஒரே சொல்தான்:

```
=VLOOKUP(A2,Accounts!$A$2:$C$8,3,FALSE)
```

இனிப் பட்டியல் எந்த வரிசையில் இருப்பினும் அதே எண் கிடைத்தால் மட்டுமே விடை வரும். முன்பு அனுப்பிய கோப்புகளில் ஐயம் இருப்பின், பக்கத்துக் கட்டத்தில் இதை இட்டுப் பார்க்கலாம்:

```
=VLOOKUP(A2,Accounts!$A$2:$C$8,1)=A2
```

கணக்கு எண்ணுக்குப் பதிலாக, எக்செல் பிடித்த பணியாளர் எண்ணையே கேட்டு, தேடிய எண்ணுடன் ஒப்பிடுகிறோம். FALSE என வரும் வரிகளெல்லாம் தவறிய வரிகள். ஆனால் பட்டியல் அன்றிருந்த அதே வரிசையில் இருந்தால்தான் இச்சோதனை பயன்படும்.

தோராயப் பொருத்தம் வீணான வசதி அன்று. வைப்புக் காலத்துக்கேற்ற வட்டி விகிதத்தைப் படிநிலை அட்டவணையிலிருந்து எடுக்க அதுவே ஏற்றது. 200 நாள் வைப்புக்கு 180 நாளில் தொடங்கும் படியை அது சரியாகக் காட்டும். ஆளையும் கணக்கையும் அடையாளம் காட்டும் எண்களுக்கு அது ஒவ்வாது. புதிய பதிப்புகளில் உள்ள XLOOKUP, எதுவும் குறிப்பிடாவிடில் துல்லியப் பொருத்தத்தையே கொள்கிறது.

FALSE சேர்த்ததும் சில வரிகளில் #N/A தோன்றக்கூடும். அந்த எண் பட்டியலில் இல்லை, அல்லது ஒரு தாளில் எண்ணாகவும் மற்றொன்றில் எழுத்தாகவும் பதிவாகியுள்ளது என்று பொருள். சிலர் IFERROR கொண்டு அதை மறைத்துவிடுகிறார்கள். அக்குறி நிற்கும் வரியைத் திருத்திய பின்னரே கோப்பை எங்களுக்கு அனுப்புங்கள்.