ஒரு ஸ்லைடு, ஒரு செய்தி

கோவைப் பக்கம் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நூற்பாலைகளின் கம்ப்ரஸர் குழாய்களில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துத் தருவது அதன் தொழில். மில் ஒன்று இவர்களைக் கூப்பிட்டு இருபது நிமிடம் தந்திருக்கிறது. கையில் இருப்பதோ ‘எங்கள் சேவைகள்’ என்று தலைப்பிட்ட ஒரு ஸ்லைடு. அதில் ஒன்பது புல்லட் வரிகள், மூலையில் லோகோ, கீழே தொலைபேசி எண்.

இந்த ஸ்லைடு திரையில் விழுந்ததும் எதிரே இருப்பவர்கள் வரிவரியாகப் படிக்கத் தொடங்குவார்கள். பேசுபவர் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர்கள் ஏழாவது வரிக்குப் போயிருப்பார்கள். திரையில் இருக்கும் எழுத்தையே படத்தோடு சேர்த்து வாய்விட்டும் சொன்னால் கேட்பவருக்குப் புரிவது குறைகிறது என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார்.

இதற்கு மாற்றாக ஒரு முறையைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறார். தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். அதன் கீழே அந்த வாக்கியத்துக்கான ஆதாரம், பெரும்பாலும் ஒரு படம், இருந்தால் போதும். ‘எங்கள் சேவைகள்’ என்பது எதையும் சொல்லவில்லை. ‘குழாயில் உள்ள 3 மில்லிமீட்டர் ஓட்டை ஆண்டுக்கு 1.92 லட்சம் ரூபாய் வரை தின்கிறது’ என்பது சொல்கிறது.

அந்தத் தொகை எப்படி வந்தது? 7 பார் அழுத்தத்தில் அந்த அளவு ஓட்டை வழியாக வீணாகும் காற்றை உண்டாக்கக் கம்ப்ரஸருக்குச் சுமார் 3 கிலோவாட் தேவை. மில் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 24,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 1.92 லட்சம். ஸ்லைடில் இந்தக் கணக்கு முழுவதும் வரக் கூடாது. கசியும் இணைப்பின் புகைப்படம் ஒன்று, பக்கத்தில் தொகை, அவ்வளவுதான். கணக்கைப் பேசுபவர் வாயால் சொல்ல வேண்டும். மறந்துவிடாமல் இருக்க, ஸ்லைடின் கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பழைய ஒன்பது வரிகளில் நிறுவனம் தொடங்கிய ஆண்டு, அலுவலகங்கள், சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. மில்காரருக்கு முதலில் வேண்டியது அவருடைய பில். ஆகவே முன்னால் வர வேண்டியவை: கசியும் காற்றுக்கும் மில் கரண்ட் பில் கட்டுகிறது, ஒரு ஓட்டையின் செலவு இவ்வளவு, ஆலையை நிறுத்தாமலே, கசிவின் மீயொலியைக் கேட்கும் கருவியால் அதைக் கண்டுபிடிக்கலாம், இதைச் செய்துகொண்ட ஒரு மில்லில் கம்ப்ரஸர் லோடில் ஓடும் நேரம் இவ்வளவு குறைந்தது, கட்டணம் இது, முதலில் ஒரு பிரிவை மட்டும் சோதித்துப் பார்ப்போம். ஆறு வாக்கியங்கள், ஆறு ஸ்லைடுகள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பவர்பாயிண்டில் Slide Sorter காட்சியைத் திறந்து தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படிக்க வேண்டும். ஒரு கடிதம் போல ஒன்றிலிருந்து ஒன்று தொடர்ந்தால் சரி. இடையில் தட்டினால் அங்கே ஒரு ஸ்லைடு குறைகிறது, அல்லது வரிசை மாறியிருக்கிறது. தலைப்பில் ‘மற்றும்’ வந்தால் பெரும்பாலும் அங்கே இரண்டு ஸ்லைடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த முறையில் நடக்கும் தவறும் ஒன்று இருக்கிறது. ஒரு செய்தி என்றதும் சிலர் ஒற்றைச் சொல்லைப் பெரிதாகப் போட்டு ஆதாரத்தை விட்டுவிடுகிறார்கள். ‘சேமிப்பு!’ என்ற ஸ்லைடைப் பார்த்து மெயின்டனன்ஸ் மேலாளர் நம்பப் போவதில்லை. அவர் கேட்கும் கேள்வி வேறு: “கசிவை அடைத்தாலும் கம்ப்ரஸர் அன்லோடில் கரண்ட் இழுக்குமே?” நியாயமான கேள்வி. நிலையான வேகத்தில் ஓடும் ஸ்குரூ கம்ப்ரஸர், காற்று தராமல் சும்மா ஓடும்போதும் முழு மின்சாரத்தில் கால் பங்கோ அதற்கு மேலோ எடுக்கும். அதனால்தான் தலைப்பில் ‘வரை’ என்ற சொல் இருந்தாக வேண்டும். முழுத் தொகையும் மிச்சமாகும் என்று சொல்லிவிட்டு இந்தக் கேள்வியில் மாட்டினால், பிறகு சொல்வது எதுவும் எடுபடாது.

அந்தக் கேள்விக்கான வரைபடத்தை ஆறு ஸ்லைடுகளுக்கு நடுவே நுழைக்கத் தேவையில்லை. கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் தனியே வைத்திருந்து, கேட்டால் மட்டும் திறக்கலாம். சான்றிதழ்கள், தொழில்நுட்ப அட்டவணை ஆகியவற்றுக்கும் அதுவே இடம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டத்துக்கு வராத எம்.டி.க்கு மறுநாள் இந்த ஃபைலை அனுப்பினால் அவருக்குப் பாதிதான் புரியும். பேச்சு அதில் இல்லையே. எடுத்துச் சொல்லும் ஸ்லைடுகளிலேயே வரிகளை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்த்தால் பழைய ஒன்பது புல்லட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஸ்லைடும் அதன் நோட்ஸும் ஒரே பக்கத்தில் வரும்படி பிடிஎஃப் ஆக்கி, கொட்டேஷனோடு சேர்த்து அனுப்பிவிடலாம். 3 கிலோவாட் கணக்கும் அன்லோட் விளக்கமும் அதில் முழுமையாக இருக்கும், எம்.டி. தன் மில்லின் யூனிட் விலையைப் போட்டுத் தானே கணக்குப் பார்த்துக்கொள்வார்.