பல்லோடு பல் பொருந்த

கணினியில் இரண்டு பற்சக்கரங்களை வரைந்து பக்கத்தில் வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சுழற்றும்போதுதான் ஒன்றின் பல் மற்றதன் உடம்புக்குள் புகுவது தெரியும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது மாட்யூல், அதாவது பல்லின் அளவு. இரண்டு சக்கரங்களுக்கும் அது ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மாட்யூல் 2 மி.மீ., பற்கள் 20, 40 என்று வைத்துக்கொள்வோம். மாட்யூலைப் பற்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் பிட்ச் வட்டத்தின் விட்டம் வரும்: 40, 80 மி.மீ. இவற்றின் கூட்டுத்தொகையில் பாதி, 60 மி.மீ., மையங்களுக்கு இடையிலான தூரம். வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் 64 வரும். பற்கள் நுனியை மட்டுமே தொடும்.

பல்லின் பக்கவாட்டை நேர்கோடாகவோ கைபோன வளைவாகவோ வரையக் கூடாது. வேகம் சீராக வராது. உருளையில் சுற்றிய நூலை இறுக்கமாகப் பிரிக்கும்போது அதன் நுனி வரையும் கோடுதான் இன்வொல்யூட். அழுத்தக் கோணம் 20 டிகிரி என்றால், சிறிய சக்கரத்தில் அந்த உருளையின் விட்டம் 40 × cos 20°, சுமார் 37.59 மி.மீ. பல்லின் அடி விட்டமோ 35. நடுவிலுள்ள இடத்தில் இன்வொல்யூட் கிடையாது. அங்கே சிறு வளைவால் இணைக்க வேண்டும்.

இரண்டு சக்கரங்களிலும் பல் எதிரெதிரே நின்றால், சிறியதை அரைப் பல் அளவு, 9 டிகிரி, திருப்புங்கள். பிறகும் இன்டர்ஃபியரன்ஸ் சோதனை மெல்லிய உரசலைக் காட்டினால் மைய தூரத்தைத் தொடாமல் பல்லின் தடிமனைக் கொஞ்சம் குறையுங்கள். அந்த இடைவெளி இல்லாமல் அச்சிட்ட சக்கரம் இறுகி நின்றுவிடும்.