கவனம் சிதறும் மாணவருக்குப் பாடக்குறிப்பைச் சிறு படிகளாக மாற்றி எழுதுதல்

உங்கள் பிள்ளை படிப்பதற்கு அமர்ந்த சில நிமிடங்களிலேயே எழுந்துவிடுகிறாரா? ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் அதில் என்ன இருந்தது என்று சொல்லத் தடுமாறுகிறாரா? கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி) உள்ள மாணவர்களிடம் இது பெரிதும் காணப்படுகிறது. இது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. படிக்கும்போது ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டே அடுத்ததை அதனுடன் இணைக்க வேண்டும். இவ்வேலையைச் செய்யும் நினைவாற்றல் எல்லோருக்குமே குறுகியது. ஏறத்தாழ நான்கு செய்திகளையே அது ஒரே நேரத்தில் தாங்கும். கவனம் எளிதில் சிதறும் மாணவருக்கு அதுவும் விரைவில் நழுவிவிடுகிறது. அவர் கையில் இடைவெளியின்றி நிறைந்த ஒரு தாளைக் கொடுத்தால், எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதே தெரியாது.

தென்காசியில் பயிலும் ஒரு மாணவரின் புவியியல் குறிப்பை எடுத்துக்கொள்வோம். அது பின்வருமாறு அமைந்துள்ளது:

“தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரப்பதத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து கேரளத்தில் கனமழையைத் தருகிறது, மலையைக் கடந்து கிழக்குச் சரிவில் இறங்கும் காற்று வெப்பமடைந்து மழைதரும் தன்மையை இழப்பதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாகிறது, எனினும் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று நுழைவதால் குற்றாலம், தென்காசிப் பகுதிகளில் சாரல் பெய்கிறது, தமிழ்நாட்டின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே சார்ந்துள்ளது.”

இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் ஒரே மூச்சில் இரண்டு பருவக்காற்றுகளும், இரண்டு காரணங்களும், ஒரு விதிவிலக்கும் வந்துவிடுகின்றன. குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த பிள்ளைக்குக்கூட, இத்தாளில் உள்ள மழை தன் ஊர் மழைதான் என்பது புலப்படாமல் போகலாம்.

மாற்றி எழுதுவது எப்படி?

முதலில் நீங்கள் குறிப்பை முழுவதும் படித்து, அது எந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது என்று கண்டறியுங்கள். அந்தக் கேள்வியே தாளின் தலைப்பு. கேள்விக்குத் தேவைப்படாததை வேறொரு தாளுக்கு மாற்றுங்கள். மேற்கண்ட குறிப்பில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு நாளுக்குரியது. எஞ்சியதை, படிக்க வேண்டிய பகுதிகளாகப் பிரிக்காமல் செய்ய வேண்டிய வேலைகளாகப் பிரியுங்கள். மாற்றிய தாள் இவ்வாறு அமையும்:

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மழை குறைவு. குற்றாலத்தில் மட்டும் சாரல் ஏன்?

☐ 1. படிக்க: தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்துடன் வருகிறது. காலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை. இப்போது தாளை மூடி, காற்றின் பெயரையும் மாதங்களையும் சொல்க.

☐ 2. ஒரு மலையை வரைக. அதன் மேற்குப் பக்கத்தில் மேலேறும் அம்புக்குறி இடுக. அருகில் எழுதுக: காற்று ஏறுகிறது, குளிர்கிறது, கேரளத்தில் மழை.

☐ 3. கிழக்குப் பக்கத்தில் கீழிறங்கும் அம்புக்குறி இடுக. எழுதுக: காற்று இறங்குகிறது, வெப்பமடைகிறது, மழை குறைவு. இதன் பெயர் மழை மறைவுப் பகுதி.

☐ 4. மலையில் ஓர் இடைவெளி வரைக. பெயர்: செங்கோட்டைக் கணவாய். அதன் வழியே ஓர் அம்புக்குறி இட்டு, முனையில் ‘குற்றாலம்’ என எழுதுக.

☐ 5. தாளை மூடுக. தலைப்பிலுள்ள கேள்விக்கு நான்கு வாக்கியங்களில் விடை எழுதுக. ‘ஆகையால்’, ‘எனினும்’ ஆகிய இரு சொற்களும் விடையில் வர வேண்டும்.

தாளை மடித்து, ஒரு நேரத்தில் ஒரு படி மட்டுமே கண்ணில் படுமாறு கொடுங்கள். ஒரு படி எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதைப் பிள்ளையைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். மூன்று நாட்கள், அவர் படிக்கத் தொடங்கிய நேரத்தையும் முதன்முறையாகக் கவனம் விலகிய நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஏழு நிமிடம் எனக் கண்டால், ஐந்து நிமிடத்தில் முடியும் படிகளை அமையுங்கள். கவனம் கலைவதற்கு முன்பே கட்டம் நிரம்பிவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். சாரல் காலத்தில் வீட்டிற்கு உறவினர் வந்து தங்கும் நாட்களில் இந்த அளவு மேலும் குறையும். அன்று இரண்டு படிகள் முடித்தால் போதும்.

கட்டத்தில் எப்போது குறியிடுவது?

இம்முறை பெரும்பாலும் பிசகும் இடம் இதுவே. படித்து முடித்ததற்காகக் குறியிட அனுமதித்தால், பிள்ளை ஐந்து கட்டங்களையும் ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டு எழுந்துவிடுவார். குறி நிறைந்திருக்கும், மனத்தில் ஒன்றும் தங்கியிராது. பார்க்காமல் சொன்ன பிறகோ, வரைந்த பிறகோ, எழுதிய பிறகோ மட்டுமே குறியிட வேண்டும். முறை சரியாக நடக்கிறதா என அறிய, மறுநாள் காலை தாளைக் காட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கணவாய் இல்லாவிட்டால் குற்றாலத்தில் என்ன ஆகும்?” ‘சாரல் குறைந்துவிடும்’ என்று காரணத்துடன் சொன்னால் தாள் பயன் தந்திருக்கிறது. விடை வரவில்லையெனில் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், எந்தப் படியில் கைவேலை குறைவாக இருந்தது என்று பாருங்கள்.

மற்றொரு சிக்கலும் உண்டு. துண்டுகளாக்கும்போது ‘ஆதலால்’, ‘எனினும்’ போன்ற இணைப்புச் சொற்கள் உதிர்ந்துவிடும். அப்போது ஒரு மதிப்பெண் வினாக்களுக்குச் சரியாக விடையளிக்கும் மாணவர், ‘ஏன்’ என்று தொடங்கும் பெரிய வினாவில் தடுமாறுவார். ஐந்தாம் படியைச் சேர்த்திருப்பது இதற்காகவே. நேரமில்லை என்று அதை மட்டும் விட்டுவிட வேண்டாம். தேவையெனில் முதல் படியைச் சுருக்கிக்கொள்ளலாம். கட்டங்களின் எண்ணிக்கையும் ஐந்தைத் தாண்டாதிருப்பது நல்லது. இருபது கட்டங்கள் கொண்ட தாள், பழைய நெருக்கமான குறிப்பைப் போலவே பிள்ளையை மலைக்க வைக்கும்.

சில வாரங்களுக்குப் பின், தலைப்பையும் முதல் மூன்று படிகளையும் மட்டும் நீங்கள் எழுதி, மற்ற இரண்டைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். தேர்வறையில் மடித்த தாள் இராது. நீண்ட பத்தியைத் தானே பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதற்குள் வந்திருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இத்தாள் படிப்பதற்கு உதவும். நோயறிதலுக்கோ சிகிச்சைக்கோ மாற்றாகாது. கவனச்சிதறல் ஆறு மாதங்களுக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரக் காணப்பட்டு, 12 வயதிற்கு முன்பே தொடங்கியிருந்தால் மதிப்பீடு தேவை. பார்வைக் குறைபாடு, கேட்டல் குறைபாடு, தூக்கக் குறைவு, இரத்தசோகை ஆகியவையும் இதே போன்ற தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் அவற்றை முதலில் பரிசோதிப்பர். காதால் கேட்கும்போது நன்கு புரிந்துகொள்ளும் பிள்ளை, தானே படிக்கும்போது எழுத்துகளை விட்டுவிட்டோ மாற்றியோ படித்தால், அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். இது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இல் இடம்பெற்றுள்ள குறைபாடுகளுள் ஒன்று. இவர்களுக்குச் சிறு படிகள் மட்டும் போதா. படிகளை நீங்கள் வாசித்துக் காட்டவும் வேண்டும்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ குழந்தைகள் நலப் பிரிவையோ அணுகலாம். தொலைபேசி வழி ஆலோசனைக்கு, கட்டணமில்லா டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். மருத்துவரிடம் செல்லும்போது, நீங்கள் நேரம் குறித்துவந்த குறிப்பேட்டையும், பிள்ளை குறியிட்ட இரண்டு மூன்று தாள்களையும், வகுப்பாசிரியர் எழுதித்தந்த குறிப்பு இருந்தால் அதையும் உடன் கொண்டு செல்லுங்கள். பாதியில் நின்ற தாளையும் விலக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; எந்தப் படியில் நின்றது என்பது மருத்துவருக்கு உதவும் தகவலாகும்.