கோடு கறுத்தால் போதுமா?

அறுவை அரங்குக்கு வரும் கருவிப் பொட்டலத்தின் டேப்பில் கறுத்த கோடுகள் தெரியும். பொட்டலம் ஆட்டோகிளேவுக்குள் போய்ச் சூடுபட்டு வந்தது என்பதற்கு அது சாட்சி. உள்ளே கிருமி செத்ததா என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றுக்கும் இந்த நீராவி தேவையில்லை. தோலை மட்டும் தொடும் இரத்த அழுத்தப் பட்டைக்குச் சாதாரணக் கிருமிநாசினி போதும். வயிற்றுக்குள் போகும் எண்டோஸ்கோப்புக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் வேண்டும். அதிலும் ஸ்போர் எனப்படும் கடினமான உறைவித்துகள் சில தப்பலாம். சதையை வெட்டும் கத்தரிக்கோலில் எதுவுமே தப்பக் கூடாது.

முதல் வேலை கழுவுவதுதான். கத்தரிக்கோலின் கீல் இடுக்கில் காய்ந்த இரத்தம் இருந்தால் அதன் அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். அதனால் கீலைத் திறந்து தேய்த்து, திறந்தபடியே அடுக்குவார்கள். பெட்டியைத் திணித்து நிரப்பினாலும் வம்புதான்: காற்று வெளியேறாத இடத்தில் நீராவி நுழையாது.

உண்மையான பரிட்சைக்கு ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் உதவுகின்றன. சூட்டை வெகுவாகத் தாங்குபவை அவை. அவை அடங்கிய குப்பியைக் கருவிகளோடு 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்து, பிறகு 55 முதல் 60 டிகிரியில் அடைகாப்பார்கள். ஊதாத் திரவம் மஞ்சளானால் ஸ்போர் பிழைத்துவிட்டது. ஆட்டோகிளேவில் வைக்காத இன்னொரு குப்பியும் பக்கத்தில் இருக்கும். அது மஞ்சளாகியே தீர வேண்டும். ஆகாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது.