பாதியில் நின்ற ‘தோல்’: தொடர்வதா, மூடுவதா?

தோல் தொழிலைப் பற்றித் தமிழில் நாவல் உண்டா என்று ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் யார் கேட்டாலும், டி. செல்வராஜின் ‘தோல்’ என்றுதான் சொல்வேன். 2010இல் வந்து, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். தடித்த புத்தகம், ஏராளமான பாத்திரங்கள். ஆர்வமாகத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்கு சொல்வார்: 50 பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள், 50 வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து வயதைக் கழித்து, மீதிப் பக்கங்களைப் படித்தால் போதும். தொடக்கத்துக்கு அது நல்ல கணக்கு. பாதிவரை வந்தவருக்கு உதவாது. அவ்வளவு தூரம் இழுத்து வந்த புத்தகம் ஏன் நின்றது என்றுதான் அவர் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் காரணம் இடைவெளிதான். ஷூ கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, ஓவர்டைம் என்று சில வாரம் போய்விடும். திரும்பப் புத்தகத்தை எடுத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்திருக்கும். தனி ஒருவர் கதையாக இல்லாமல், தொழிலாளர்கள் சங்கமாகத் திரளும் கதையாக இருப்பதால் ‘தோல்’ நாவலில் இது எளிதில் நடக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், மறுபடியும் அதே இடத்தில் நின்றுபோவீர்கள். நிறுத்திய இடத்துக்கு முந்தைய இரண்டு அத்தியாயங்களை மட்டும் படித்து, வரும் பெயர்களை ஒரு தாளில் குறியுங்கள்: தொழிலாளி யார், முதலாளி பக்கம் யார், சங்கத்தில் யார். பிறகு ஒரு 40 பக்கம். தாளைப் பார்க்காமலே பெயர்கள் பிடிபட்டால், கோளாறு நினைவில்தான் இருந்தது. தொடருங்கள்.

இன்னொரு காரணம் நம் பகுதி வாசகருக்கே உரியது. இந்த நாவல் திண்டுக்கல்லில், சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் நடக்கிறது. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தார்கள், பட்டை ஊறிய தொட்டியில் தோலைப் பதனிட்டார்கள். இன்று டிரம்மும் குரோமும் பார்த்துப் பழகியவர், இது நம் வேலை இல்லையே என்று விலகிவிடுவார். பாலாற்றுக் கரையின் இன்றைய கதையை இதில் தேடாதீர்கள். உங்கள் தாத்தாவின் கைகால் ஏன் அப்படி வெந்துபோயிருந்தது என்று கேட்டுக்கொண்டு படித்தால், அதே பக்கங்கள் வேறு மாதிரி நகரும்.

இரண்டும் செய்து பார்த்தும், அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வி ஒன்றுகூட எழவில்லையா? அப்படியானால் மூடிவிடுங்கள். கொடுத்த விலையும் படித்த பக்கங்களும் தொடர்வதற்குக் காரணம் ஆகாது. இரண்டும் திரும்பி வரப்போவதில்லை. நூலகப் பிரதி என்றால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள், அடுத்தவர் எடுத்துக்கொள்ளட்டும்.