முகப்புத்திரையில் மஞ்சள், மலையில் சிவப்பு

குமுளிச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இடுக்கி, அந்தப் பக்கம் தேனி. செல்போனுக்கு அந்த எல்லை தெரியாது. கிடைத்த டவரைப் பிடித்துக்கொள்ளும். ஜி.பி.எஸ். கிடைக்காதபோது அந்த டவரை வைத்துத்தான் நீங்கள் இருக்கும் இடத்தை யூகிக்கும். அதனால் ‘என் இருப்பிடம்’ என்று விட்டுவைத்த வானிலை விட்ஜெட், குமுளியில் இருப்பவருக்குத் தேனி மாவட்டத்து எச்சரிக்கையைக் காட்டிவிடலாம். தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு மேற்கே கொட்டும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவில் வெறும் காற்றோடு கிடக்கும். பாலக்காட்டு எல்லையில் வாளையாறு, வேலந்தாவளத்துக்காரர்களுக்குக் கோவையால் இதே குழப்பம் வரலாம். ஆகவே விட்ஜெட்டில் ஊரைக் கையால் தட்டச்சு செய்து நிறுத்துங்கள்.

அப்படி நிறுத்தினால் இன்னொரு லாபமும் உண்டு. பின்னணியில் இருப்பிடம் கேட்கும் அனுமதிக்கு வேலையே இல்லை. ஆப்பின் அமைப்பில் `Allow all the time` இருந்தால் `Allow only while using the app` என்று மாற்றுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் இன்றைக்கே கைகொடுப்பது இந்த அமைப்புதான்.

அடுத்தது நேரம். காலை ஆறு மணிக்கு ஜீப் எடுக்கும் ஓட்டுநர் திரையில் மஞ்சளைப் பார்க்கிறார். அது நேற்று இரவு ஒன்பது மணிக்கு வந்த மஞ்சள். சிக்னல் போனதால் மாறவில்லை. ஆண்ட்ராய்டின் வழக்கமான ஏற்பாட்டில் விட்ஜெட் அரைமணிக்கு ஒருமுறைக்கு மேல் தன்னைப் புதுப்பிக்காது. பேட்டரி சேமிப்பு முறையில் இன்னும் தள்ளிப்போகும். கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைக் காட்டாத விட்ஜெட்டை, எவ்வளவு அழகாயிருந்தாலும், எடுத்துவிடுவேன்.

அடிக்கடி புதுப்பிக்க வைத்தால் சார்ஜ் போகும், மலையில் இரட்டிப்பாக. டவர் தூரமானால் போன் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது; ஒவ்வொரு முறை தகவல் எடுக்கும்போதும் கூடுதல் சக்தி செலவாகும். மாவட்ட எச்சரிக்கை நாளுக்குச் சில முறைதான் மாறுகிறது என்பதால் ஒரு மணிக்கு ஒருமுறை தாராளம். சந்தேகமிருந்தால் விட்ஜெட்டை ஒருநாள் நீக்கிவிட்டு, பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலில் அந்த ஆப்பின் சதவீதத்தை முந்தைய நாளோடு ஒப்பிடுங்கள்.

நிறத்திலும் ஒரு வலை இருக்கிறது. வானிலைத் துறையின் மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை மழை, ஆரஞ்சு 204.4 வரை, அதற்கு மேல் சிவப்பு. அணைக்கும் தனி நிற எச்சரிக்கை உண்டு: நீலம், ஆரஞ்சு, சிவப்பு. அது நீர்மட்டத்தைச் சொல்வது. வானம் வெளுத்த பிறகும் இடுக்கி அணை சிவப்பில் இருக்கலாம்; அப்போது ஆற்றோரத்தில் இருப்பவர்தான் விலக வேண்டும். ஒரே திரையில் இரண்டையும் வைத்தால் ‘மழை’, ‘அணை’ என்று எழுத்தில் பெயர் காட்டும் விட்ஜெட்டையே வையுங்கள். திரையில் காண்பது புரியாவிட்டால் 1077, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை.