நீலம் மறையும்போது எவ்வளவு வெப்பம்?

மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் துத்தநாகத் தூளைக் கொட்டிக் கிளறினால், சில நிமிடங்களில் நீலம் வெளுக்கத் தொடங்கும். சாம்பல் நிறத் தூள் கறுத்து, பிறகு செம்பழுப்பாக மாறிக் கப்பின் அடியில் படியும். அந்தப் படிவுதான் செம்பு. கரைசலில் இருந்த செம்பை வெளியே தள்ளிவிட்டுத் துத்தநாகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கிடையில், மூடியில் துளையிட்டுச் செருகிய வெப்பமானி சுமார் 10 டிகிரி ஏறியிருக்கும்.

Zn + CuSO₄ → ZnSO₄ + Cu

இந்த வினை ஒரு மோல் அளவுக்கு நடந்தால் எத்தனை கிலோஜூல் வெப்பம் வெளிவரும்? மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரி முதலாண்டிலும் மாணவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு கப்பும் வெப்பமானியும் கொண்டே விடை தேடுகிறார்கள். அந்த எளிய கருவிக்குக் காபி கப் கலோரிமீட்டர் என்று பெயர். கணக்கு இரண்டே வரிதான். ஆனால் அந்த இரண்டு வரியில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் சோதனையின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

முதலில் கப். தெர்மகோல் என்பது உள்ளே காற்றுக் குமிழிகள் அடைபட்ட பாலிஸ்டைரீன். வெப்பத்தை அது எளிதில் கடத்தாது. எடையும் மிகக் குறைவு என்பதால் தானும் அதிக வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளாது. தமிழ்நாட்டில் 2019 தொடக்கத்திலிருந்து தெர்மகோல் கப்புகளுக்குத் தடை உள்ளது. பஞ்சு சுற்றிய சிறிய பீக்கரைக் கொண்டும் சோதனையைச் செய்யலாம். ஆனால் கண்ணாடி கணிசமான வெப்பத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதால், பாத்திரத்தின் பங்கைத் தனியாக அளந்தே ஆக வேண்டும்.

கப்பின் மூடி காற்றுப் புகாதபடி இறுக்கி அடைக்கப்பட்டதல்ல. இது குறையல்ல, இந்தச் சோதனையின் அடிப்படையே இதுதான். உள்ளே இருக்கும் அழுத்தம் எப்போதும் வெளியே உள்ள வளிமண்டல அழுத்தமாகவே இருக்கிறது. மாறாத அழுத்தத்தில் ஒரு வினை வெளிவிடும் அல்லது உறிஞ்சும் வெப்பத்தைத்தான் வேதியியலில் என்தால்பி மாற்றம் என்கிறார்கள். ஆகவே கப்பில் அளக்கும் வெப்பம் நேராகவே என்தால்பிக் கணக்காகிவிடுகிறது.

இனி ஒரு மாதிரிச் சோதனையை எண்களோடு பார்ப்போம். லிட்டருக்கு 0.2 மோல் செறிவுள்ள மயில்துத்தக் கரைசல் 50 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் அளந்து கப்பில் விட வேண்டும். அதில் உள்ள செம்பு அயனி 0.2 × 0.050, அதாவது 0.010 மோல். அவ்வளவு செம்பையும் வெளியேற்ற 0.65 கிராம் துத்தநாகம் போதும். ஆனாலும் 2 கிராம் எடுத்துக்கொள்வார்கள். துத்தநாகம் மிச்சமாகலாம்; செம்பு அயனி மிச்சமாகக் கூடாது. அப்போதுதான் வினை எத்தனை மோல் நடந்தது என்பதைக் கரைசலின் அளவை வைத்தே உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்த இடத்தில் மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். கையால் நிறுத்துப் போட்ட பொருள் துத்தநாகம் என்பதால், 2 கிராமை 65.4 ஆல் வகுத்து 0.031 மோல் என்று எடுத்துவிடுவார்கள். விடை உண்மையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வினையில் முதலில் தீர்ந்துபோகும் பொருள் எதுவோ, அதன் மோலால்தான் வகுக்க வேண்டும். இங்கே தீர்ந்துபோவது செம்பு அயனி. வினை முடிந்த பிறகும் கரைசலில் நீலச் சாயல் தெரிந்தால், அது முழுவதும் தீரவில்லை என்று பொருள். தூளுக்குப் பதில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டிருக்கலாம், அல்லது சரியாகக் கிளறாமல் விட்டிருக்கலாம். அந்த நிலையில் 0.010 என்ற எண்ணுக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

தூளைப் போடுவதற்கு முன் மூன்று நிமிடம் வெப்பநிலையைக் குறிக்கிறார்கள். வெப்பமானி 28.0 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. மூன்றாம் நிமிடம் முடியும்போது தூளைக் கொட்டி, விடாமல் கிளறுகிறார்கள். நான்காம் நிமிடத்தில் 35.6, ஐந்தில் 37.1, ஆறில் 37.3. அதுதான் உச்சம். ஏழாம் நிமிடத்தில் 37.0 ஆக இறங்கி, அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் 0.3 டிகிரி வீதம் குறைந்துகொண்டே வருகிறது. பத்தாம் நிமிடம் வரை குறித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் வெப்பநிலை உயர்வு எவ்வளவு? 37.3-இலிருந்து 28.0-ஐக் கழித்தால் 9.3. பெரும்பாலானோர் இதையே எடுத்துக்கொள்வார்கள். இது குறைவான எண்.

காரணம், இந்த வினை ஒரு நொடியில் முடிவதில்லை. திடமான தூளின் மேற்பரப்பில் மட்டுமே நடப்பதால் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கிறது. அந்த நேரம் முழுவதும் ஒரு பக்கம் வெப்பம் பிறந்துகொண்டும், இன்னொரு பக்கம் கப்பின் சுவர் வழியாகவும் மூடியின் இடுக்கு வழியாகவும் கசிந்துகொண்டும் இருக்கிறது. பிறப்பும் கசிவும் சமமாகும் கணத்தில்தான் வெப்பமானி உச்சத்தில் நிற்கிறது. அதற்குள் ஒரு பகுதி வெப்பம் போய்விட்டது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்தால், நிரம்பியிருக்கும் அளவை வைத்து ஊற்றிய அளவைச் சொல்ல முடியாது அல்லவா?

போன வெப்பத்தைக் கணக்கில் மீட்க வரைபடத்தாள் போதும். கிடையாக நிமிடத்தையும் செங்குத்தாக வெப்பநிலையையும் குறித்துப் புள்ளிகளை வைத்தால், ஏழாம் நிமிடத்துக்குப் பிறகு வருபவை ஏறக்குறைய நேர்கோட்டில் சரியும். அந்தக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து, தூளைக் கொட்டிய மூன்றாம் நிமிடம் வரை பின்னோக்கி நீட்ட வேண்டும். நான்கு நிமிடம் பின்னே போகிறோம், நிமிடத்துக்கு 0.3 வீதம் 1.2 டிகிரி கூடுகிறது. கோடு 38.2 டிகிரியில் வந்து முட்டுகிறது. வினை கணநேரத்தில் முடிந்திருந்தால் கரைசல் எட்டியிருக்கக்கூடிய வெப்பநிலை ஏறக்குறைய இதுதான். வெப்பநிலை உயர்வு 10.2 டிகிரி. வெப்பமானி இந்த 38.2-ஐ ஒருபோதும் காட்டியதில்லை. ஆனாலும் அது காட்டிய 37.3-ஐ விட இது உண்மைக்கு நெருக்கமானது.

இப்போது கணக்கு. கரைசல் பெற்ற வெப்பம் என்பது அதன் நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கி வருவது:

q = m × c × ΔT

நீர்த்த கரைசல் என்பதால் 50 மில்லிலிட்டரை 50 கிராம் என்றும், ஒரு கிராம் ஒரு டிகிரி உயர 4.18 ஜூல் வேண்டும் என்றும் தண்ணீரின் எண்களையே எடுத்துக்கொள்வார்கள். இது உத்தேசம்தான். உப்பு கரைந்ததால் கரைசல் தண்ணீரைவிடச் சற்று கனமானது, அதே சமயம் கிராமுக்குத் தேவைப்படும் வெப்பம் சற்றுக் குறைவு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் பிழை பெரிதாவதில்லை.

50 × 4.18 × 10.2 = 2132 ஜூல், அதாவது 2.13 கிலோஜூல். இதை 0.010 மோலால் வகுத்தால், மோலுக்கு 213 கிலோஜூல். கரைசல் பெற்ற வெப்பம் வினை இழந்த வெப்பம் என்பதால், வினையின் பக்கமிருந்து பார்த்து எதிர்க்குறி போடுகிறோம்: ΔH = −213 கிலோஜூல்/மோல். வெப்பமானி ஏறினால் எதிர்க்குறி, இறங்கினால் நேர்க்குறி. யூரியாவைத் தண்ணீரில் கரைக்கும்போது வாளி குளிர்வது இரண்டாம் வகை.

அட்டவணைகளில் காணப்படும் அயனிகளின் என்தால்பி மதிப்புகளிலிருந்து கணக்கிட்டால் இந்த வினைக்கு −219 வர வேண்டும். உச்ச வெப்பநிலையையே நம்பி 9.3-ஐப் போட்டிருந்தால் −194 தான் கிடைத்திருக்கும். ஒரு கோட்டைப் பின்னோக்கி நீட்டியதே இடைவெளியின் பெரும்பகுதியை அடைத்துவிட்டது.

மீதி எங்கே போனது? கப்பின் உட்சுவரும் வெப்பமானியும் கூடத்தான் சூடேறின. அவற்றின் பங்கை வெறும் தண்ணீரால் அளக்கலாம். கப்பில் 28.0 டிகிரியில் 25 கிராம் தண்ணீர் இருக்கட்டும். அதில் 48.0 டிகிரி வெந்நீர் 25 கிராம் ஊற்றினால், இழப்பு இல்லாத பட்சத்தில் சரிபாதியில் 38.0 வர வேண்டும். வந்தது 37.8 என்றால், வெந்நீர் 10.2 டிகிரி இறங்கி 1066 ஜூல் கொடுத்தது; தண்ணீர் 9.8 டிகிரி ஏறி 1024 ஜூல் வாங்கியது. குறைகிற 42 ஜூலும் கப்புக்குப் போனது. 9.8-ஆல் வகுத்தால், கப்பு ஒரு டிகிரி ஏற சுமார் 4.3 ஜூல் வேண்டும் என்று தெரிகிறது. கரைசலுக்கு டிகிரிக்கு 209 ஜூல். கப்பையும் சேர்த்தால் 213.3. இதைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டால் மோலுக்கு −218 கிலோஜூல்.

இந்த நெருக்கத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 37.8 என்பதை யாரோ 37.7 என்று படித்திருந்தால், கப்பின் பங்கு 4.3-இலிருந்து 6.5 ஆகியிருக்கும். 10.2 டிகிரி உயர்வில் 0.1 டிகிரி பிசகினாலே விடையில் ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது 2 கிலோஜூல் மாறும். ஆகவே இந்தச் சோதனையின் முடிவை 217.57 என்று தசமங்களோடு எழுதுவதில் நேர்மை இல்லை. சுமார் −218 என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்பதை இந்தக் கப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதே செறிவுள்ள கரைசலை 50-க்குப் பதில் 100 மில்லிலிட்டர் எடுத்து, துத்தநாகத்தையும் இரட்டித்தால், வெப்பநிலை 20 டிகிரி உயராது. மறுபடி அதே 10 டிகிரிதான். வெப்பம் இரண்டு மடங்கு, அதைப் பகிர்ந்துகொள்ளும் தண்ணீரும் இரண்டு மடங்கு. மாறாக, அளவை 50-ஆகவே வைத்துச் செறிவை 0.4 ஆக்கினால் 20 டிகிரி ஏறும். மூன்று சோதனையிலும் மோலுக்கான விடை ஒன்றே. மோலால் வகுப்பதன் பயன் இதுதான்: யார் எவ்வளவு ஊற்றினாலும் எண்களை ஒப்பிட முடிகிறது. சோதனை முடிந்த கரைசலில் உலோக உப்புகள் இருப்பதால் அதைக் கழுவுதொட்டியில் கொட்டாமல் தனியாகச் சேகரிக்க வேண்டும். அந்தக் கப்பில் மறுபடி யாரும் காபி குடிக்கவும் கூடாது.

இதே வினையை 1836-இல் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் வேறு விதமாக நடத்தினார். துத்தநாகமும் மயில்துத்தக் கரைசலும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாதபடி பிரித்து, எலக்ட்ரான்கள் கம்பி வழியே போகும்படி செய்தார். அதுதான் டேனியல் மின்கலம், சுமார் 1.1 வோல்ட் தரும். அந்த வோல்ட்டைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு மோல் வினையிலிருந்து அதிகபட்சம் 212 கிலோஜூல் வரை மின்னாற்றலாகப் பெறலாம் என்று தெரிகிறது. கப்பில் தூளும் கரைசலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் எலக்ட்ரான்களுக்குக் கம்பி இல்லை. துத்தநாகத்திலிருந்து நேராகச் செம்பு அயனிக்குத் தாவிவிடுகின்றன. மின்கலத்தில் விளக்கெரித்திருக்கக்கூடிய அந்த ஆற்றலும் இங்கே வெப்பமாகவே வெளிவந்து, வெப்பமானியை அந்தப் பத்து டிகிரி ஏற்றுகிறது.